கையோடு கூடவே வந்த கத்தி

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிகொண்டாவைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு அட்டைத் தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெட்டிகளுக்கான அச்சடித்த அட்டையை நாங்கள்தான் வெட்டி அனுப்பினோம். டிப்ளமோ முடித்துவிட்டு வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கே எதையும் வாயால் பேசி முடிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. மேனேஜர் சூப்பர்வைசரின் மார்பில் ஃபைலை வீசி அடிப்பார். சூப்பர்வைசர் ஆபரேட்டரின் சட்டைக் காலரைப் பிடிப்பார். ஆபரேட்டர் அட்டை அடுக்குகிறவனின் பிடரியில் போடுவான். ஊரில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்வந்த நானும் ஆறே மாதத்தில் கையை ஓங்கக் கற்றுக்கொண்டேன்.

என் பொறுப்பில் இருந்தது வெட்டும் மெஷின். அது செய்கிற வேலையைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது.

அட்டை, ஆள் உயர உருளையாக வெளியூர் அச்சகத்திலிருந்து படம் அச்சாகியே வரும். இரண்டு ரப்பர் ரோலர்கள் அதை நடுவில் கவ்வி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் அதை நிறுத்த முடியாது. அதனால் கத்திதான் அட்டையோடு ஓட வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் முதலில் பஸ்ஸோடு சேர்ந்து ஓடி, அதன் வேகம் தனக்கும் வந்த பிறகுதானே கம்பியைப் பிடிக்கிறான். அதே மாதிரி, மேல் கத்தியும் கீழ்க் கத்தியும் பூட்டிய ஒரு வண்டி, தண்டவாளத்தில் நின்றுகொண்டிருக்கும். நேரம் வந்ததும் பாய்ந்து அட்டையின் வேகத்தைப் பிடிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் போகும் அந்தக் கண நேரத்தில் காற்றழுத்தம் மேல் கத்தியை இறக்கும். வெட்டு விழுந்ததும் கத்தி மேலே போகும், வண்டி புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து அடுத்த வெட்டுக்குக் காத்திருக்கும். கத்திக்கு அட்டை ஓடுவதே தெரியாது. அதைப் பொறுத்தவரை அட்டை நின்றுகொண்டிருக்கிறது.

எங்கே வெட்டுவது என்பதை அட்டையே சொல்லும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கறுப்புக் கோடு ஓரத்தில் அச்சாகியிருக்கும். அதை மார்க் என்போம். மேலே ஒரு சின்ன ஒளிக்கண் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அட்டையின் மேல் உட்கார்ந்து உருளும் ஒரு அளவுச் சக்கரம், எவ்வளவு நீளம் போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கண் மார்க்கைப் பார்த்ததும் மெஷினின் மூளையான கண்ட்ரோலர் அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும். இன்னும் இத்தனை மில்லிமீட்டர் போனதும் வண்டி புறப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடும். வெறும் நீளத்தை அளந்து வெட்டினால் ஆகாதா என்றால், ஆகாது. அச்சில் அட்டை இழுபட்டு ஒவ்வொரு படமும் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். நூறு தாள் போவதற்குள் வெட்டு படத்தின் நடுவில் விழும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கண்ணை எப்போதும் திறந்துவைக்க மாட்டோம். அடுத்த மார்க் வரவேண்டிய இடத்துக்குப் பத்து மில்லிமீட்டர் முன்னும் பின்னும் மட்டும் அது பார்க்கும், மற்ற நேரம் என்ன தெரிந்தாலும் கண்டுகொள்ளாது. அந்த இடைவெளியில் மார்க் தெரியவில்லை என்றால் பழைய நீளத்தை நம்பி வெட்டும். தொடர்ந்து மூன்று தடவை தெரியாவிட்டால் லைனையே நிறுத்திவிடும்.

மூன்றாவது தடவை நிற்பதுதான் சண்டைக்கு வித்திட்டது.

அந்த மெஷினின் ஆபரேட்டர் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்து கிராமத்துக்காரன். என்னைவிட நாலைந்து வயது பெரியவன், நெல் மூட்டை தூக்கி வளர்ந்த தோள். மெஷினின் சத்தம் மாறினால் என்னைவிட முதலில் அவனுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஒளிக்கண்ணை அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "இதுக்கு மாலைக்கண்ணு வந்துச்சி பா" என்பான்.

ஒரு வருஷம் கோடைக்கு முன்னால் ஒரு புது டிசைன் வந்தது. பெட்டி முழுக்க அடர்ந்த பழுப்பு நிறம், மார்க் இருக்கும் ஓரம் வரைக்கும் பரவியிருந்தது. மார்க்கும் சரியாக விழாமல் சில இடங்களில் வெளிறிப் போயிருந்தது. அட்டை ஓடும்போது சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால் கண்ணுக்குக் கோடு தப்பிவிடும். ஒரு மணி நேரத்தில் எட்டு தடவை லைன் நின்றது. நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் முதல் சில தாள்கள் கழிவாகப் போயின.

மேனேஜர் இறங்கி வந்தார். படத்தின் குறுக்கே வெட்டுப்பட்ட தாள்களை வாரி எடுத்து ஆபரேட்டரின் முகத்தில் அடித்தார். அட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி. அவனுடைய புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"அறிவு இருக்காடா உனக்கு? எருமை மேய்க்கப் போ!"

அவன் புருவத்தைக் கையால் அழுத்திக்கொண்டான். மேனேஜர் படியேறிப் போகும்வரை நின்றான். பிறகு பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து ஒளிக்கண் மாட்டியிருந்த பிராக்கெட்டின் மேல் ஒரே போடு போட்டான். கண் உடைந்து ஒயரில் தொங்கியது. அது வெளிநாட்டுச் சாமான், இன்னொன்று வாங்கி வருவதற்குள் என் தாலி அறுந்துவிடும். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாடா பண்ற? பைத்தியமா உனக்கு?"

"உன் கண்ணாலதான்டா எனக்கு அடி. கைய எடு."

நான் எடுக்கவில்லை. அவன் விட்ட குத்தில் என் கீழ்ப்பல் ஒன்று உடைந்தது. நான் கீழே விழுந்த இடத்தில் அட்டை உருளையின் காலிக் குழாய் ஒன்று கிடந்தது, என் கால் நீளத்துக்கு, கல் மாதிரி இறுகிய காகிதக் குழாய். அதை எடுத்து அவன் விலாவில் அடித்தேன். அவன் மடங்கிய பிறகும் அடித்தேன். அடித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம்கூட இல்லை. நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

நாலு பேர் இழுத்துப் பிரித்தார்கள். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மெஷினில் ஏதாவது என்றால் அவன் சூப்பர்வைசரிடம் சொல்வான், சூப்பர்வைசர் என்னிடம் சொல்வார். மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டே இப்படி மூன்று வாரம் ஓட்டினோம்.

வேறொரு மெஷினிலிருந்து கழற்றிய கண்ணை மாட்டினேன். அது முந்தியதைவிட மோசம். லைன் நிற்பது ஜாஸ்தியானதே தவிர கம்மியாகவில்லை. ஒரு நாள் காலை ஷிஃப்டில் மேனேஜர் என்னை மெஷினின் மின்சாரப் பேனல் பக்கம் கூட்டிப்போனார்.

"நிக்கிறது எனக்கு வேணாம். அந்தப் பத்து மில்லிமீட்டரை நூத்தைம்பது ஆக்கு."

"சார், அவ்ளோ தொறந்தா பழுப்பு டிசைனையே மார்க்குன்னு எடுத்துக்கும்."

"எடுத்தா பாத்துக்கலாம். அப்புறம் கதவு. ஒவ்வொரு தடவை அடைப்பு எடுக்கும்போதும் பவர் போய்டுது, திரும்ப வண்டியை ஹோமுக்கு, கெளம்புற எடத்துக்குக் கொண்டுவரணும், தாள் வேஸ்ட். கதவு சுவிட்சை ஷார்ட் பண்ணிடு."

கத்தியைச் சுற்றி ஒரு கம்பிக்கதவு இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே ஒரு சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும். வண்டியை ஓட்டும் சர்வோ மோட்டாருக்குப் பவர் நிற்கும், கத்திக்கான காற்றும் இறங்கிவிடும். திறந்த கதவுக்குள் கை விடுகிறவனுக்கு அது ஒன்றுதான் காவல்.

"அது சேஃப்டி சார்."

"சேஃப்டி எனக்குத் தெரியாதா? நீ எனக்கு சொல்லித் தர்றியா?" என்று என் உச்சந்தலையில் விரலை மடக்கிக் கொட்டினார். பத்து பேர் பார்த்தார்கள்.

விரல் நீளத்துக்கு ஒரு நீல ஒயர். பேனலைத் திறந்து, கதவு சுவிட்ச் வந்து சேரும் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினேன். இனி கதவு திறந்தாலும் மெஷினுக்கு அது மூடியிருப்பதாகவே தெரியும். அரை நிமிஷ வேலை.

காலை ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் சொன்னேன். அடைப்பு எடுப்பதாக இருந்தால் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும், சும்மா ஸ்டாப் பட்டன் போதாது என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. என்னோடு சண்டை போட்ட அவன் வந்தான். புருவத்தில் தையல் போட்ட தழும்பு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சூப்பர்வைசரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், அவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவனிடம் நேரே போய்ச் சொல்வதற்கு ஏழெட்டு அடி நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை.

மூன்று மணிக்குப் புது உருளை மாற்றி மெதுவாக ஓட்ட ஆரம்பித்தான். நான் சொன்ன மாதிரியே, அகலத் திறந்துவைத்த கண் பழுப்புப் பட்டை ஒன்றை மார்க் என்று எடுத்துக்கொண்டது. வண்டி முன்கூட்டியே பாய்ந்து தாளை நீளம் குறைத்து வெட்டியது. அந்தக் குறுந்துண்டு, கத்திக்கும் அதற்கப்பால் தாளை ஏந்திக்கொள்ளும் பெல்ட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டது. பின்னால் வந்த அட்டை அதில் முட்டி, விசிறி மாதிரி மடிந்து மடிந்து கத்தியின் வாயை அடைத்தது.

அவன் ஸ்டாப் பட்டனை அமுக்கினான். ரப்பர் ரோலர்கள் நின்றன. அட்டை நின்றது. பார்க்கிற எவனும் மெஷின் நின்றுவிட்டது என்றுதான் சொல்வான். நிற்கவில்லை. அட்டை நின்றதால் கத்தி காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு மார்க் ஏற்கெனவே கண்ணைத் தாண்டி வந்திருந்தது. இன்னும் ஒரு சாண் அட்டை நகர்ந்தால் புறப்பட வேண்டும் என்ற கணக்கு கண்ட்ரோலரில் உயிரோடு இருந்தது. அட்டையை ரோலர் நகர்த்தினால் என்ன, கை நகர்த்தினால் என்ன. அளவுச் சக்கரம் சுற்றினால் போதும்.

நான் இருபதடி தள்ளி, பெட்டி ஒட்டும் மெஷினில் குனிந்திருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கதவைத் திறந்தால் எப்போதும் பேனலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பவர் போகிற சத்தம். அது வரவில்லை. அவன் அதைக் கவனித்திருக்க வேண்டும், ஆனால் அவன் கவனம் முழுக்க அடைப்பில் இருந்தது. ரோலரைத் தூக்கும் லீவரை அவன் மேலே தள்ளினான், அட்டை தளர்ந்தது. மடிந்த முனையை முன்னால் இழுத்து எடுப்பதற்காக வலது கையைக் கத்தியின் வாய்க்குள் விட்டான்.

"டேய், கைய எடு! கைய எடுடா!"

கத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். மறுபடி சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டான். அந்தப் பார்வையில் அதுதான் இருந்தது. முறைத்துவிட்டு முகத்தைத் திருப்பி, அட்டையைப் பிடித்து வேகமாக ஒரு இழு இழுத்தான்.

வண்டி புறப்பட்டது. அவன் கை முன்னால் போனது, கத்தியும் கூடவே போனது. அவன் எவ்வளவு வேகமாக இழுத்தானோ அதே வேகத்தில். கை அட்டையைப் பிடித்திருந்தது, அட்டையின் வேகம்தான் கத்தியின் வேகம். கத்திக்கு அவன் கை அசையவே இல்லை. மேல் கத்தி இறங்கியது.

அவன் கத்தவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தான். கட்டை விரல் இருந்தது, மற்ற நாலும் இல்லை. வண்டி அமைதியாகத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவன் வாயிலிருந்து சத்தம் வந்தது. மனிதக் குரல் மாதிரி இல்லை.

நான் ஓடிப்போய் எமர்ஜென்சி பட்டனை அடித்தேன். யாரோ துண்டால் அவன் கையைச் சுற்றினார்கள். விரல்களை நான்தான் பொறுக்கினேன். சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் வைத்து, எதிர்க்கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து சுற்றிலும் போட்டேன். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது அம்மா. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை வார்டில் நர்ஸ். வீட்டில் சோறு போடும்போது இதைப் பற்றித்தான் பேசுவார். ஜீப்பில் அவனை ஏற்றி வேலூருக்கு அனுப்பினோம்.

ஜீப் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் வந்தார். கீழே கிடந்த ரத்தத்தைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"ஓடற மெஷின்ல எவன்டா கை விடச் சொன்னது? குடிச்சிட்டு வந்திருப்பான்."

உருளை மாட்டுகிற ஆள்தான் முதலில் அடித்தான். கையில் இருந்த இரும்புத் தண்டால் தோளில். மேனேஜர் சுவரில் சாய்ந்தார், அப்புறம் எல்லாரும் விழுந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. அவரைத் தரையில் தள்ளி, ரத்தம் கிடந்த இடத்திலேயே புரட்டினார்கள். "நக்குடா" என்று ஒருத்தன் அவர் தலையைத் தரையில் அமுக்கினான். நானும் போனேன். என் பங்குக்கு வயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டேன். அந்த ஒயரை முடுக்கிய ஸ்க்ரூ டிரைவர் என் பின்பாக்கெட்டில்தான் இருந்தது. அங்கே இருந்த கூட்டத்தில் என்னளவுக்கு ஆத்திரத்தோடு உதைத்தவன் வேறு யாரும் இல்லை.

போலீஸ் வேனில் வந்து லத்தியால் கூட்டத்தைக் கலைத்தார்கள். கால் முட்டியில் எனக்கும் ஒன்று விழுந்தது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் தலையில் கட்டோடு மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். நான் உதைத்ததை அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அந்த ஒயரை எடுத்துடு. யாருக்கும் தெரிய வேணாம். மாட்டினது நீ. ஞாபகம் வெச்சிக்க."

எடுத்துவிட்டேன். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

அம்மா மறுநாள் காலையில்தான் டியூட்டி முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"உங்க கம்பெனி ஆளுதான். நாலையும் ஒட்டிப் பாத்தாங்க. வெட்டு சுத்தமா இருந்துச்சி, அதனாலதான் ரெண்டு விரலாவது பொழைக்கும் போல இருக்கு. மத்த ரெண்டும் கறுத்துடுச்சி. நசுங்காம இப்படி வெட்டுதே, இன்னா கத்திடா அது?"

ஒயரைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழெட்டு அடி நடக்காததையும். அம்மா அழவோ திட்டவோ இல்லை.

"அவங்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட எதுக்கு சொல்ற?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மூன்றாம் நாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். வாட்டசாட்டமாக, அவசரப்படாமல் பேசுகிற மனிதர். ஓடுகிற மெஷினில் ஆபரேட்டர் அலட்சியமாகக் கை விட்டான் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆய்வாளர் கம்பிக்கதவைத் திறந்து பார்த்தார். பேனலுக்குள் 'டக்' என்று கேட்டது. பவர் போனது. மூடினார், மறுபடி திறந்தார். மறுபடி 'டக்'.

"சுவிட்ச் சரியாத்தானே இருக்கு" என்று எழுதத் தொடங்கினார்.

"சார்" என்றேன். "அன்னிக்கு இப்படி இல்ல."

மேனேஜர் என் கையைப் பிடித்து அழுத்தினார். உதறினேன். பாக்கெட்டிலிருந்து நீல ஒயரை எடுத்து, பேனலைத் திறந்து, எடுத்த இடத்திலேயே மாட்டினேன். கேன்டீனிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வாழைத்தண்டு கேட்டு வாங்கினேன். லைனைக் கொஞ்சம் ஓட்டி, ஒரு மார்க் கண்ணைத் தாண்டியதும் ஸ்டாப் பட்டனை அமுக்கினேன்.

"சார், இப்போ மெஷின் ஓடுதா?"

"நின்னிருக்கு."

கதவைத் திறந்தேன். 'டக்' இல்லை. ஆய்வாளர் புருவம் சுருங்கியது. லீவரைத் தூக்கி அட்டையைத் தளர்த்தினேன். வாழைத்தண்டில் பசைப்பக்கம் வெளியே தெரிய டேப் சுற்றி, ஒரு மரக்கட்டையால் கத்தியின் வாய்க்குள் தள்ளி, அட்டையோடு நகரும்படி அதன்மேல் அமுக்கி ஒட்டினேன். அட்டையின் முனையில் கயிறு கட்டி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கயிற்றை இழுத்தேன். வேண்டுமென்றே மெதுவாக இழுத்தேன். வண்டியும் மெதுவாக வந்தது, வாழைத்தண்டோடு அரையடி தூரம் ஒட்டிக்கொண்டு நடந்தது. கத்தி இறங்கியது. தண்டு இரண்டாகி ஒரு துண்டு உருண்டு ஆய்வாளரின் ஷூவில் மோதியது. தண்ணீர் மாதிரி அதன் சாறு தரையில் ஓடியது.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஆய்வாளரிடம் திரும்பினேன்.

"கதவைத் திறந்தா பவர் போய்டும்னு அவனுக்குத் தெரியும். அதை நம்பித்தான் கை விட்டான். ஒயர் மாட்டினது நான். மாட்டச் சொன்னது இவர். அவன்கிட்ட யாரும் சொல்லல, நானும் சொல்லல."

மேனேஜர் பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தார். பேனலின் விளிம்பில் என் தலை மோதியது. இரண்டு கட்டைவிரலும் தொண்டைக்குழியில் அழுந்தின, கண் இருட்டியது. ஆய்வாளரும் சூப்பர்வைசரும் சேர்ந்து அவரைப் பிய்த்தெடுத்தார்கள். விடுபட்ட பிறகும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னை உதைக்கக் காலைத் தூக்கினார். ஆய்வாளர் நடுவில் நின்று, என் வாக்குமூலத்தை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. வார்டு வராந்தாவில் அவனுடைய தம்பி நின்றிருந்தான், அதே தோள், அதே முகம். உள்ளே கட்டிலில் அவன் கையைத் தூக்கிக் கட்டியபடி கிடந்தான். கதவோரம் நின்றே சொன்னேன். ஒயரை மாட்டியதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

நான் முடிப்பதற்குள் தம்பி அடித்தான். காதில், பிறகு வாயில். கீழே விழுந்த என்னை வராந்தா முழுக்க இழுத்து உதைத்தான். நான் கையைத் தூக்கவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை, உடம்பில் திராணி இல்லை. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் அம்மாவும் இருந்தார். மற்றவர்கள் தம்பியைப் பிடித்தபோது அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பிடிக்காமல் நின்றார். அதை நான் பார்த்தேன்.

"விடுடா அவன" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "உள்ள வரச் சொல்லு."

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உதட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. அவன் என்னைப் பார்க்காமல் கட்டுப் போட்ட தன் கையையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மெஷின் நின்னுட்டிருந்துச்சி. நான்தான் நிறுத்தினேன். அப்புறம் எப்படி அது எங்கூடவே வந்துச்சி? நான் இழுக்க இழுக்க வந்துச்சி பா. கைக்குப் பின்னாடியே வந்துச்சி."

படுத்திருந்த இரண்டு நாளும் அவன் அதையேதான் நினைத்திருக்கிறான். அட்டை நகர்ந்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கத்தி புறப்படும், கத்திக்கு ரோலர் இழுப்பதும் கை இழுப்பதும் ஒன்றுதான் என்று சொன்னேன். ஸ்டாப் பட்டன் ரோலரை மட்டும்தான் நிறுத்தும் என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அப்போ நான்தான் அதை வரவெச்சனா?"

"நீ இல்ல. கதவு தொறந்ததுமே அது செத்திருக்கணும். நான்தான் உசுரோட வெச்சிருந்தேன்."

கண்ணைத் திறந்து, "நீ கத்தினது கேட்டுச்சி" என்றான். "திட்றேன்னு நெனச்சேன்."

"கைய எடுன்னு சொன்னேன்."

"ரெண்டு மணிக்கு சொல்லியிருக்கலாம்."

"ஆமாம்."

"போ" என்றான். "இனிமே இங்க வராத."

நான் போகவில்லை, போகச் சொன்ன பிறகும் அங்கேயே நின்றேன். அம்மா வந்து தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், டிரெஸ்ஸிங் ரூமில் என் உதட்டுக்கு மூன்று தையல் போட ஏற்பாடு செய்தார்.

அந்த வாரமே எனக்கு வேலை போனது. மேனேஜர்மேல் வழக்கு நடந்தது, அதில் நான் இரண்டு தடவை சாட்சி சொன்னேன். அவரோடு சேர்த்து என்மேலும் குற்றம் எழுதப்பட்டது, ஆய்வாளர் சொன்னதால் என்னை எச்சரித்து விட்டார்கள். ராணிப்பேட்டையில் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கும் ஓடுகிற கத்திகள் இருந்தன. எந்தக் கதவு சுவிட்சிலும் நான் கை வைத்ததில்லை. இரண்டு தடவை அதற்காகச் சண்டை வந்து, ஒரு தடவை மூக்கில் வாங்கினேன்.

அவனைப் பற்றிப் பல வருஷம் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு, உருளை மாட்டுகிற அந்த ஆளை வேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவன் அதே தொழிற்சாலையில், அதே மெஷினில் இருக்கிறானாம். கட்டை விரலும் இரண்டு விரலும் உள்ள கையோடு. கோர்ட்டும் யூனியனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த வேலை.

"அவன் இப்போ மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, அதுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புல சொருகிட்டுத்தான் கதவையே தொறப்பான்" என்றான். "போன மாசம் புதுசா வந்த இன்ஜினியர் ஒருத்தர் பூட்டுப் போடாம உள்ள கை விட்டார் பா. இவன் பின்னாடி போய் காலரைப் புடிச்சி இழுத்து, கீழ போட்டு நாலு மிதி. இன்ஜினியருக்குக் கையெலும்பு விட்டுப்போச்சி. சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பண்ணிட்டு, பத்து நாள்ல திரும்பக் கூப்ட்டுக்கினாங்க."

"என்னைப் பத்தி எப்பனா பேசுவானா?"

அவன் பஸ் வரும் திசையைப் பார்த்தான். என் மனம் நோகாமல் சொல்ல வார்த்தை தேடினான் போலிருக்கிறது.

"இல்ல பா" என்றான்.

ஆம்பூர் பஸ் வந்தது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.